வண்டிப்பாதை தார்ச்சாலை ஆவதற்கு முன்: தடத்தை நடந்து பார்ப்பதும் பாதிப்பைச் சோதிப்பதும்

கேள்வி: ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் நான். 2.8 கி.மீ. வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக்கும் வேலைக்கு டிபிஆர் எனும் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிறேன். மக்கள் கருத்துக்கேட்பு, பாதிப்பு முன்சோதனை இரண்டும் வேண்டும் என்கிறார்கள். இவற்றை எந்தக் கட்டத்தில், எப்படிச் செய்வது? கிராம சபைத் தீர்மானம் ஒன்று வாங்கி வைத்தால் போதாதா?

பதில்:

போதாது. ஊருக்குச் சாலை வேண்டும் என்று மட்டும்தான் தீர்மானம் சொல்லும். அந்தச் சாலை யாருடைய வயலில் எத்தனை சென்ட் எடுக்கும், எந்தத் தண்ணீரை மறிக்கும் என்பது தடத்தை நடந்து பார்த்தால்தான் தெரியும். மக்களைக் கேட்பதையும் பாதிப்பைச் சோதிப்பதையும் இரண்டு தனி வேலைகளாக நினைத்துக்கொண்டு, ஒன்றுக்கு வருகைப் பதிவேடும் இன்னொன்றுக்கு ஒரு படிவமும் தயார் செய்வதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரே நடையில் இரண்டையும் முடிக்கலாம். ஆனால் மட்டம் எடுத்து, மதிப்பீடு போட்டு, பாலங்களின் இடத்தைக் குறிப்பதற்கு முன்பே அதை முடித்திருக்க வேண்டும். மதிப்பீடு முடிந்த பிறகு நடந்தால், ஊர் சொல்வது ஒவ்வொன்றும் உங்களுக்கு இடைஞ்சலாகவே தெரியும். முன்பே நடந்தால் அதுவே உங்கள் கள ஆய்வாகிவிடும்.

பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அதன் வழிகாட்டு நெறிகளிலேயே இந்த நடைக்கு இடம் உண்டு. ஆவணங்களில் டிரான்செக்ட் வாக் என்று இருக்கும், நாங்கள் தடம் நடப்பது என்போம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், பொறியாளர், காடு தொட்டால் வனத்துறை ஊழியர், சுயஉதவிக்குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும். வழியில் படம் எடுக்க வேண்டும், நடந்ததை எழுதி டிபிஆரோடு இணைக்க வேண்டும். வேறு நிதியில் போடும் சாலையானாலும் இதைச் செய்யுங்கள். காரணம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை தேசிய, மாநில நெடுஞ்சாலைகளைத்தான் பேசுகிறது, கிராமச் சாலை அதற்குள் வராது. உங்கள் 2.8 கி.மீ.க்கு யாரும் தாக்க அறிக்கை கேட்கப் போவதில்லை. இந்த நடை ஒன்றுதான் சல்லடை. இதில் நழுவுவது, சாலை போட்ட பிறகு மழையில்தான் தெரியவரும்.

கிளம்புவதற்கு முன் மேசையில் அரை நாள் வேலை இருக்கிறது. பாதை தொடும் எல்லாச் சர்வே எண்களின் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம், ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பதோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. வண்டிப்பாதைப் புறம்போக்கு எங்கே எத்தனை மீட்டர் அகலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பாதை வரைபடத்தில் ஒரு பக்கம் இருக்கும், வண்டி போகும் தடம் இன்னொரு பக்கம் இருக்கும். அந்த இடங்களில்தான் நடையின்போது குரல் உயரும்.

அதே மேசையில் நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். காப்புக்காடோ சரணாலயமோ குறுக்கே வருகிறதா? ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கைத் தொடுகிறதா? 300 மீட்டருக்குள் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறதா? சாலைக்காக யாராவது வீட்டையோ கடையையோ காலி செய்ய வேண்டிவருமா? மூன்றாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010 திருத்தச் சட்டம் சொல்கிறது. விழுப்புரம் பக்கம் தளவானூர், மண்டகப்பட்டு போன்ற குடைவரைக் கோயில்கள் வயலுக்கு நடுவே இருக்கின்றன. வரைபடத்தில் வெறும் பாறை என்று தெரிந்தால் ஏமாந்துவிடுவோம்.

நான்கில் எதற்காவது ஆம் என்று வந்தால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எந்தத் துறையின் அனுமதி வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று இப்போதே தெரிந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான். காட்டோரக் கிராமமாக இருந்தால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துவிடுங்கள். சாலை, குடிநீர்க் குழாய் உட்பட 13 வகை ஊர் வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வன நிலத்தை ஒதுக்க அது வழி தருகிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அந்த இடத்தில் தீர்மானம் சட்ட ஆவணம், வாசகத்தைக் கவனமாக எழுத வேண்டும்.

இனி நடை. நான் பார்த்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஒரு மாவட்டம், ஏரிக்குக் கீழே வயல்வெளி, அதைத் தாண்டி ஒரு குடியிருப்பு. நீளம் கிட்டத்தட்ட உங்கள் சாலை அளவுதான். முதல் நாள் போனபோது தலைவர், அவரோடு நான்கைந்து ஆண்கள், காலை பதினொரு மணி. பெண்கள் எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். சாலை போய்ச்சேரும் குடியிருப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை, சொல்லி அனுப்பவே இல்லை. அந்த நடையை ரத்து செய்துவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கு அந்தக் குடியிருப்பு முனையிலிருந்து ஊரை நோக்கி நடந்தோம். எந்த முனையில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து யார் பேசுகிறார்கள் என்பது மாறிவிடுகிறது. அவர்கள் இடத்தில் தொடங்கியதால் அவர்களே முதலில் பேசினார்கள்.

கையில் வரைபடம், 30 மீட்டர் டேப், சுண்ணாம்புப் பொடி, ஒரு நோட்டு. 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று, சாலையின் வெளி ஓரம் எங்கே வரும் என்று இருபுறமும் சுண்ணாம்பால் கோடு போட்டோம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஏழரை மீட்டர் அகலம்" என்று வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தன் வரப்பைத் தாண்டி, நாற்றுக்கு நடுவே வெள்ளைக்கோடு விழுவதைப் பார்க்கும்போதுதான் உண்மையான கேள்வி வரும்.

1/150ல், அதாவது 1 கி.மீ. 150 மீட்டரில், ஆடு மேய்க்கும் ஒரு அம்மா நின்று, "இங்க பாலம் வருமா சார்?" என்று கேட்டார். வரைபடப்படி ஓடை 1/400ல் இருந்தது. எங்கள் உத்தேசத்தில் 1000 மி.மீ. குழாய் ஒன்று அங்கேதான் இருந்தது. அவர் சொன்னது இது: ஓடை தூர்ந்து பல வருடம் ஆகிறது, கலுங்கு வழிந்தால் தண்ணீர் இந்தப் பள்ளத்தில்தான் பாய்ந்து பாதையைக் கடக்கும், 2015 மழையில் ஆடுகளை இரண்டு நாள் அந்தப் பக்கமே கட்டிவைத்தார்கள். நாங்கள் போனது மே மாதம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, மட்டக்கருவிக்கு அந்தப் பள்ளம் முப்பது சென்டிமீட்டர்தான். சுற்றிப் பார்த்தால் சாட்சிகள் இருந்தன. கீழ் வயலில் மணல் படிந்த ஒரு திட்டு, வேலிக்கம்பியில் முழங்கால் உயரத்தில் சிக்கிய சருகு, ஒவ்வொரு வருடமும் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டிய வரப்பு.

ஊர்க்காரர் சொல்வதை அப்படியே எழுதினால் போதாது, கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏரிக் கலுங்குக்குப் போய் அளந்தோம். நீளம் 12 மீட்டர், பெருமழையில் அதன் மேல் ஒரு அடி, அதாவது 0.3 மீட்டர், தண்ணீர் போகும் என்றார்கள். சுவரிலிருந்த கறையும் அதையே காட்டியது. கலுங்கு வழிவதற்கான எளிய கணக்கு இது. Q நொடிக்கு வழியும் தண்ணீர், L கலுங்கின் நீளம், H அதன் மேல் போகும் தண்ணீரின் உயரம்:

Q = 1.7 × L × H^1.5

இதில் போட்டால் நொடிக்குச் சுமார் 3.35 கன மீட்டர். 1000 மி.மீ. குழாய் ஒன்று, தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், 1.6 கன மீட்டரைத்தான் கடத்தும். இரண்டு வைத்தாலும் கொஞ்சம் குறைகிறது, சருகு அடைத்தால் இன்னும் குறையும். ஆக 1/150ல் மூன்று குழாய் என்று முடிவானது. இது நுண்கணக்கு இல்லை, டிபிஆரில் முறையான நீரியல் கணக்கு வர வேண்டும். ஆனால் ஒற்றைக் குழாயை 1/400ல் வைத்துவிட்டு, 1/150ல் 60 செ.மீ. மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தால், அது சாலையாக இருந்திருக்காது, கரையாக இருந்திருக்கும். முதல் நவம்பரிலேயே மேல்வயல் மூழ்கி, யாராவது இரவோடு இரவாகச் சாலையை வெட்டிவிட்டிருப்பார்கள். என் ஆரம்ப கால வேலை ஒன்றில் அதுதான் நடந்தது. வெட்டியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய நெல் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தது, அங்கே பாலம் வேண்டுமா என்று நான் யாரையும் கேட்கவே இல்லை.

அடுத்து நிலம். பிரதம மந்திரி சாலைத் திட்டத்தில் நிலம் வாங்கப் பணம் கிடையாது, நிலத்தை ஏற்பாடு செய்வது மாநிலத்தின் பொறுப்பு. நடைமுறையில், பாதையோரத்து விவசாயிகள் விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் தடத்தில் 320 மீட்டர் நீளத்துக்குப் புறம்போக்கு 4 மீட்டர்தான் இருந்தது. ஏழரை மீட்டருக்கு இன்னும் மூன்றரை மீட்டர் தேவை. மொத்தம் 1120 சதுர மீட்டர், சென்ட்டுக்கு 40.5 சதுர மீட்டர் என்று போட்டால் ஏறக்குறைய 28 சென்ட். நான்கு பேருக்குப் பிரிந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் சராசரியைப் பார்க்காதீர்கள், ஆளாளாகப் பாருங்கள்.

அதில் ஒரு பெண்ணுக்கு மொத்த நிலமே 60 சென்ட். அவர் வயலோரம் 95 மீட்டர், அதாவது 8.2 சென்ட் போகிறது. அவருடைய சொத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. ஊரார் முன்னால் கேட்டபோது, "எல்லாரும் குடுக்கறாங்க, நானும் குடுக்கறேன்" என்றார். எதிர்ப்பக்க நிலம் நான்கு ஏக்கர் பத்து சென்ட் வைத்திருந்தவருடையது. அதே 8.2 சென்ட் அவருக்கு நூற்றுக்கு இரண்டு. கோட்டைத் தெற்கே மூன்றரை மீட்டர் நகர்த்தினோம், இரு முனையிலும் வளைவு கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். நகர்த்துவதற்கு முன் அந்தப் பெரியவரிடம் இரண்டு முறை தனியாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தன் கிணற்றிலிருந்து போகும் குழாய்க்குச் சாலைக்கு அடியில் ஒரு உறை போட்டுத் தரச் சொன்னார். நியாயமான கோரிக்கை, மதிப்பீட்டில் சேர்த்தோம்.

விட்டுக்கொடுப்பது உண்மையிலேயே விருப்பம்தானா என்று பார்க்க, உலக வங்கி பணம் தரும் வேலைகளில் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். மறுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கொடுப்பது சிறிய பங்காக இருக்க வேண்டும், மிச்ச நிலத்தில் அவர் பிழைக்க முடிய வேண்டும், வீடு இடம்பெயரக் கூடாது, சாலையால் அவருக்கும் பயன் இருக்க வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கோட்டை நகர்த்தப் பாருங்கள். நகர்த்த முடியாவிட்டால் இழப்பீட்டுக்கு வேறு நிதி தேட வேண்டும். "மறுக்கலாம்" என்பதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பயனில்லை. அவர் வீட்டுத் திண்ணையில், தலைவர் இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் கடிதத்தோடு நிறுத்தினாலும் சிக்கல்தான். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பதிவு செய்தால்தான் செல்லும். தானப் பத்திரம், உட்பிரிவு, பட்டா மாற்றம் மூன்றும் முடிய வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் சென்னையில் இருக்கும் தம்பியும் கட்டிக்கொடுத்த தங்கையும் கையெழுத்திட வேண்டும். அப்புறம், குத்தகைக்குப் பயிரிடுபவரை யாரும் கேட்பதில்லை. நிலம் கொடுப்பவர் அவர் இல்லை என்றாலும், கோட்டுக்குள் விழும் பயிர் அவருடையது. அறுவடைக்குப் பிறகு மண்வேலை தொடங்கினாலே அவருடைய பாதிப்பு தீர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்த நடையில்தான் கிடைத்தன. குடியிருப்பின் சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை 2/300ல் நம் தடத்தைக் கடந்தது. சாலையை உயர்த்தினால் பாடை தூக்கி வருபவர்கள் ஒரு மீட்டர் சரிவில் ஏறி இறங்க வேண்டும். இதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, திரும்பி வரும்போது ஒரு இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இருபுறமும் சாய்தளம் வைக்கச் சில லோடு மண்தான் ஆனது. இன்னொன்று குடிநீர்க் குழாய். மேல்நிலைத் தொட்டி இயக்குபவரைக் கூட அழைத்துப்போயிருந்தோம். வீட்டிணைப்புக்கு வந்த பைப் பாதையின் வலது ஓரத்தில் இரண்டடி ஆழத்தில் போகிறது என்று அவர் நடந்தே காட்டினார், வால்வு இருக்கும் இடங்களில் கல் வைத்தார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. தெரியாமல் தோண்டியிருந்தால், சாலை வேலை நடக்கும் மாதங்கள் முழுக்க ஊர் குடத்தோடு அலைந்திருக்கும்.

மரங்களை எண்ணும்போது பனையைத் தனியாக எண்ணுங்கள், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். எங்களுக்கு ஒன்பது பனை வந்தது. கோடு நகர்ந்ததில் ஆறு தப்பியது.

நடை முடிந்த அன்று மாலையே எழுதிவிட வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி: தொலைவு, எந்தப் பக்கம், யார் சொன்னது, என்ன பாதிப்பு, நாம் என்ன செய்கிறோம். ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கை வேலைகளை ஏ, பி, சி என்று பிரித்தது. மீள முடியாத பெரிய பாதிப்பு ஏ, தீர்க்கக்கூடியது பி, பொருட்படுத்த வேண்டாதது சி. கிராமச் சாலை பெரும்பாலும் பியில் வந்தது. எந்த எழுத்து என்பதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பாதிப்புக்கும் எதிரே இருக்கும் தீர்வு, விலைப்பட்டியலில் ஒரு இனமாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று குழாய், சாய்தளம், குழாய் உறை, பைப் மாற்றி அமைத்தல். மதிப்பீட்டில் வராத தீர்வை ஒப்பந்தக்காரர் செய்ய மாட்டார், செய்யச் சொல்லவும் உங்களுக்கு வழியிருக்காது.

பிறகு திருத்திய வரைபடத்தோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள்கள் வரிசையாக இருக்கின்றன, உங்கள் அட்டவணைக்குள் ஒன்று விழும். தீர்மானம் அப்போது கேளுங்கள், தீர்மானத்தில் மாற்றங்களும் தொலைவுக் குறிப்போடு இருக்கட்டும். செய்ய முடியாததையும் காரணத்தோடு வாசியுங்கள். எங்களிடம் பேருந்து திரும்ப வட்டம் கேட்டார்கள், அதற்கான புறம்போக்கு இல்லை, முடியாது என்று சொன்னோம். முணுமுணுத்தார்கள், ஆனால் வேலை நடக்கும்போது அதை வைத்து யாரும் மறிக்கவில்லை.

போலியான கருத்துக்கேட்பைக் கோப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். கையெழுத்தெல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். குறிப்பில் ஒரு தொலைவு எண்கூட இருக்காது, "பொதுமக்கள் வரவேற்றனர்" என்று முடிந்திருக்கும். நடைக்கு முன்னும் பின்னும் வரைபடம் அச்சாக ஒன்றுபோல இருக்கும். 2.8 கி.மீ. நடந்து ஒரு மீட்டர்கூட நகரவில்லை என்றால், நடந்தவர்கள் கேட்கவில்லை அல்லது யாரும் நடக்கவே இல்லை.

இந்த நடையில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாலை வந்த பிறகு மண் லாரிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களால் சொல்ல முடியாது, அதை நீங்கள்தான் அருகிலுள்ள குவாரிகளை வைத்து யோசிக்க வேண்டும். மண்ணின் தாங்குதிறனுக்குச் சோதனைதான் வேண்டும். வெள்ள உயரத்தை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் இடுப்பளவு என்பார், இன்னொருவர் முழங்கால் என்பார். சுவர்க்கறையும் சருகும் எங்கே நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது டிபிஆர் தயாரிக்கும் கட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பாலங்களின் இடத்தை ஏற்கனவே குறித்திருந்தால், அதை மட்டும் பென்சிலில் வைத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு காலை நடந்துவிடுங்கள். ஏரி இருந்தால் கலுங்கிலிருந்து தொடங்குங்கள்.